பாராசிட்டமால் ஏன் மேசைப் பக்கம் வந்தது?



திங்கட்கிழமை முதல் நம் குடோன் ரேக்குகளில் மருந்துகள் ஆங்கிலப் பெயர் வரிசையில் இருக்காது. அடிக்கடி எடுக்கும் மருந்து பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். எப்போதாவது எடுப்பது உள்ளே தள்ளிப் போகும். "இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தோமே, இப்போது எதற்கு இந்த வேலை?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். டீ நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

பெயர் வரிசையில் ஒரு பெரிய வசதி உண்டு, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வரைபடம் வேண்டாம். நேற்று வேலைக்குச் சேர்ந்த தம்பிகூட எழுத்து தெரிந்தால் மருந்தைக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் அந்த வரிசைக்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். எது ஓடும் சரக்கு, எது தூங்கும் சரக்கு என்பது அதற்குத் தெரியாது. அமிக்காசின் ஊசி மருந்தை மெடிக்கல் ஷாப்காரர்கள் அபூர்வமாகத்தான் கேட்பார்கள். முதல் எழுத்தில் தொடங்குகிறது என்ற ஒரே காரணத்தால் அது மேசைக்கு அருகில் உட்கார்ந்திருந்தது. நாள் முழுக்கக் கேட்கப்படும் பாராசிட்டமால், பதினாறாவது எழுத்தில் பிறந்த பாவத்துக்கு உள்ளே கிடந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்களை வசதிக்காக முழுதாக்கிக்கொள்கிறேன். பாராசிட்டமால் மேசையிலிருந்து 20 மீட்டரில் இருக்கிறது, ஒரு நாளில் 60 பில்களில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 40 மீட்டர். 60 தடவைக்கு 2,400 மீட்டர். அதையே 2 மீட்டரில் இருக்கும் அமிக்காசினோடு இடம் மாற்றினால் 240 மீட்டர்தான். நாளுக்கு ஒரு தடவை எடுக்கும் அமிக்காசினுக்குக் கூடுதலாக 36 மீட்டர் நடக்க வேண்டும். இரண்டு மருந்துகள் இடம் மாறியதில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்! கிடங்கு மேலாண்மைப் பாடப்புத்தகங்கள், சரக்கு எடுப்பவரின் நேரத்தில் ஏறக்குறையப் பாதி நடையிலேயே போகிறது என்கின்றன. மருந்தை எடுப்பதற்கு ஆகும் நேரம் அதில் சிறு பகுதிதான்.

இந்த யோசனை புதியதும் அல்ல. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்து அச்சுக்கூடங்களில் சிறிய எழுத்துகளின் பெட்டி அகரவரிசையில் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் 'ஈ' எழுத்துக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய அறை, அதுவும் கோப்பவரின் கைக்கு எட்டும் நடுப்பகுதியில். அபூர்வமான எழுத்துகள் ஓரத்தில் இருந்தன.

சரி, "அடிக்கடி" என்பதை எப்படி அளப்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 1951இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி என்பவர், சரக்குகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறையைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தது பணத்தை: எந்தச் சரக்கில் அதிக ரூபாய் புரள்கிறதோ அது ஏ வகுப்பு. கொள்முதல் செய்பவருக்கு அது சரியான அளவுகோல். நடப்பவருக்கு அது உதவாது. விலை உயர்ந்த ஒரு புற்றுநோய் மருந்து பணக் கணக்கில் உச்சியில் நிற்கும். அதை எடுக்க மாதத்துக்கு இரண்டு தடவைதான் போவோம்.

எத்தனை பெட்டி விற்றது என்ற கணக்கும் ஏமாற்றும். ஒரு மருத்துவமனை ஒரே பில்லில் 200 பாட்டில் சலைன் வாங்குகிறது. நாற்பது கடைகள் ஆளுக்கு ஐந்து ஸ்ட்ரிப் பாண்டோபிரசோல் வாங்குகின்றன. இரண்டுமே கணினியில் 200தான். ஆனால் சலைனுக்கு ரேக்குப் பக்கம் போனது ஒரு தடவை, பாண்டோபிரசோலுக்கு நாற்பது தடவை. அதனால் நாம் எண்ணியது பில்லின் வரிகளை. ஒரு மருந்தின் பெயர் எத்தனை பில்களில் ஒரு வரியாக வந்திருக்கிறதோ, அதுதான் அதன் எடுப்பு எண்ணிக்கை. அதாவது அதற்காக ஒருவர் ரேக்கின் முன் நின்ற தடவைகள்.

அதோடும் முடியவில்லை. இரண்டு சரக்குகளுக்கு எடுப்பு எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே மரியாதை கிடையாது. 1963இல் ஹெஸ்கெட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு விகிதத்தை முன்வைத்தார். சரக்கு அடைக்கும் இடத்தை, அதை எடுக்கப் போகும் தடவைகளால் வகுக்க வேண்டும். விடை எவ்வளவு சிறியதோ, சரக்கு மேசைக்கு அவ்வளவு பக்கம். சலைன் கார்ட்டன்கள் 12 தட்டுகளை அடைத்துக்கொண்டு நாளுக்கு 60 தடவை எடுக்கப்படுகின்றன என்று வையுங்கள். அந்த 12 தட்டுகளில் தலா 20 தடவை எடுக்கப்படும் 12 மாத்திரை வகைகளை வைக்கலாம். 60 தடவை நடப்பவருக்குச் சலுகை கொடுத்த அதே இடம், இப்போது 240 தடவைக்குச் சலுகை கொடுக்கும். பருமனான சரக்கு எவ்வளவு ஓடினாலும் முன்வரிசையில் குடியேற முடியாததற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். சலைன் இனி வண்டி ஏற்றும் கதவருகே தரையில், பலகை மேல் இருக்கும். அதைத் தூக்குபவருக்கும் அதுதான் நல்லது.

உயரத்துக்கும் இதே நியாயம்தான். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளைக் கிடங்குக்காரர்கள் தங்க மண்டலம் என்பார்கள்; குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். வேகமாக ஓடும் மாத்திரைகள் அந்தத் தட்டுகளுக்கு வந்துவிட்டன.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மேலே போட்ட பாராசிட்டமால் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதை உங்களில் சிலர் பிடித்திருப்பீர்கள். ஒரே ஒரு மருந்துக்காக யாரும் போய்த் திரும்புவதில்லை. பில் முழுவதையும் ஒரே சுற்றில் எடுக்கிறோம். அப்படியானால் சுற்றின் நீளத்தைத் தீர்மானிப்பது, அந்த பில்லில் இருக்கும் மிகத் தொலைவான மருந்து. ஒன்பது மருந்துகள் மேசையை ஒட்டியிருந்தாலும், பத்தாவது கடைசி ரேக்கில் இருந்தால் கடைசி ரேக்வரை நடந்தே ஆக வேண்டும்.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கும்? பத்து வரிகளில் எட்டு முன்பகுதியிலிருந்து கிடைக்கும்படி அருமையாக அடுக்கிவிட்டோம் என்றே வையுங்கள். ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை என்று கொண்டால், மூன்று வரி பில் முழுவதும் முன்பகுதியிலேயே முடிய 0.8ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 0.51 வருகிறது, பாதிக்குப் பாதி. ஐந்து வரி பில் மூன்றில் ஒரு தடவைதான் முன்னாலேயே முடியும். பத்து வரி பில்லுக்கு விடை 0.11. நூறு நீளமான பில்களில் 89, யாரையாவது உள்ளே அனுப்பியே தீரும்! ரேக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழையபடியே எடுத்தால், நாம் பட்ட பாட்டில் பெரும்பகுதி இப்படித்தான் கரைந்துபோகும்.

எனவே எடுக்கும் முறையும் மாறுகிறது. முன்பகுதியில் நிற்பவர்கள் தங்கள் வரிகளை மட்டும் எடுத்து டிரேயில் வைப்பார்கள். உள்பகுதி வரிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் தள்ளுவண்டியோடு போய், பல பில்களுக்கானதை ஒரே சுற்றில் கொண்டுவருவார். மேசையில் அவை அந்தந்த டிரேயில் சேரும். இதில் ஒரு விலையும் உண்டு. பிரித்துப் போடும்போது டிரே மாறிப்போகலாம். அதனால் வண்டியில் ஒவ்வொரு பில்லுக்கும் தனி அறை, அதில் பில் எண். அவசர பில்லுக்கு மட்டும் ஆள் உடனே உள்ளே போகலாம்.

பெயர் வரிசையை விட்டதற்கு நடை ஒன்றே காரணமில்லை. அந்த வரிசை, ஒரே மாதிரி பெயர்களைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்கு. மெட்ரோனிடசோல் சிலவகைக் கிருமித் தொற்றுக்கு. இரண்டும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கி ஒட்டி நின்றன. உலகெங்கும் குழப்பப்படும் மருந்து ஜோடிகளில் இது தெரிந்த ஜோடி. பெயரில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் பழக்கமே இத்தகைய ஜோடிகளுக்காக வந்ததுதான். எடுப்பு எண்ணிக்கையும் தானாக இவற்றைப் பிரித்துவிடாது. இரண்டுமே நன்றாக ஓடும் சரக்கு. அதனால் வேண்டுமென்றே நடைவழியின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட ஜோடி உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், பிரித்துவிடலாம்.

சில சரக்குகளுக்கு எண்ணிக்கை பொருந்தாது. இன்சுலின் எத்தனை தடவை எடுக்கப்பட்டாலும் 2 முதல் 8 டிகிரி குளிர்பெட்டியைவிட்டு வராது. பூட்டு அலமாரி மருந்துகள் பூட்டிலேயே இருக்கும். எக்ஸ்பைரி முந்துவது முன்னால் என்ற விதியும் ஒவ்வொரு தட்டிலும் அப்படியே தொடர்கிறது.

என்ன கெட்டுப்போகலாம்? முதலாவது நெரிசல். ஓடும் சரக்கையெல்லாம் ஒரே ரேக்கில் குவித்தால் நான்கு பேர் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். நடந்த நேரம் காத்திருக்கும் நேரமாக மாறும். அதனால் முதல் இருபது மருந்துகளை இரண்டு பக்கமும் இடம்விட்டுப் பரப்பியிருக்கிறோம். அப்படியும் ஆட்கள் வரிசையில் நிற்பதைக் கண்டால் சொல்லுங்கள்.

இரண்டாவது, பருவம். வெயிலில் ஓஆர்எஸ் பொட்டலம் பறக்கும். மழை பிடித்தால் இருமல் சிரப்பும் காய்ச்சல் மருந்தும். போன மாதக் கணக்கில் அடுக்கிய ரேக் மெல்லப் பழசாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மொத்த வரிகளில் முன்பகுதியிலிருந்து வந்தவை எத்தனை பங்கு என்று வாராவாரம் பார்ப்பது. அந்தப் பங்கு இறங்கிக்கொண்டே வந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்காக எல்லாவற்றையும் கலைக்க மாட்டோம். ஒரு மருந்தை இடம் மாற்றவும் ஆள் நேரம் செலவாகும். இரண்டு எடுப்பு கூடியதற்காக மாற்றினால் நஷ்டம்தான். தெளிவாக மேலே வந்தவையும் தெளிவாகக் கீழே போனவையும் மட்டும் மாறும்.

கடைசியாக, உங்கள் மனப்பாடம். பெயர் வரிசை போனதால் வரைபடம் இனி ஸ்லிப்பில் இருக்கும். மருந்தின் பெயருக்கு முன்னால் A-03-2 என்பதுபோல் ஓர் இட எண் வரும்: வரிசை, ரேக், தட்டு. வரிகள் நடக்கும் வழியின் வரிசையிலேயே மேலிருந்து கீழாக அச்சாகியிருக்கும். திரும்பி நடக்க வேண்டிவராது. முதல் சில நாட்கள் பழைய இடத்துக்குக் கால் தானாகப் போகும், வேகம் குறையும். அதற்காக யாரையும் யாரும் கேட்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இட எண்ணில் மருந்து இல்லையென்றால் தேடி அலையாதீர்கள், காலியாக இருக்கும் வேறு தட்டிலும் சரக்கை வைக்காதீர்கள். தவறான தட்டில் போன பெட்டியைப் பெயர் வரிசையில் கண்டுபிடித்துவிடலாம். இந்த முறையில் அடுத்த ஸ்டாக் எண்ணும்வரை அது கிடைக்காது. உடனே மேசைக்கு வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குடோன் மேலாளர்