கெட்டியா இருந்தா சுத்தமான தேனா? எஃகுக் குண்டு சொல்வது என்ன?

'கெட்டியா இருந்தா ஒரிஜினல் தேன்' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்தக் கெட்டித்தன்மையை அளக்க ஒரு சின்ன பேரிங் குண்டு போதும்.

அகலமான கண்ணாடிக் குழாயில் தேனை ஊற்றி, குமிழ்கள் அடங்கும்வரை விடுகிறார்கள். பிறகு 3 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நடுவில் போடுகிறார்கள். அது சீரான வேகத்துக்கு வந்ததும், 10 சென்டிமீட்டர் இறங்க எத்தனை விநாடி என்று பார்க்கிறார்கள். ஒரு தேனில் 32 விநாடி, இன்னொன்றில் 64 என்றால், இரண்டாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. குழாய் குறுகலாக இருந்தால் சுவரே குண்டைத் தாமதப்படுத்தி, தேனைக் கூடுதல் கெட்டியாகக் காட்டிவிடும்.

பெயின்ட்டுக்கு வேறு வழி: அடியில் துளையுள்ள ஃபோர்டு கப். அதை நிரப்பித் திறந்துவிட்டு, ஒழுகும் தாரை முதலில் அறுபடும்வரை நேரம் பார்ப்பார்கள். தேனுக்கு இது சரிப்படாது, அவ்வளவு மெதுவாக ஒழுகும்.

சிக்கல் வெப்பநிலைதான். 20 டிகிரியில் அளந்த தேன், 30 டிகிரியில் பாதிக்கும் கீழே இளகிவிடும். அதனால் காலையில் 'ஒரிஜினல்' ஆனது, மதியம் 'கலப்படம்' போலத் தெரியும். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகிலும் குண்டு மெதுவாகத்தான் இறங்கும்.