5 மூட்டை என்று சொன்ன ஹாப்பரில் 4 மூட்டைதான்... கணக்கு எங்கே தவறுகிறது?

புதுச்சேரியைச் சுற்றி பாகூர், வில்லியனூர் பக்கம் நெல் விவசாயம் செய்பவர்கள் நெல் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கோ, தீவன அரவை இயந்திரத்துக்கோ மேலே வைக்க ஒரு ஹாப்பர் வேண்டுமென்றால், பெரும்பாலும் நகரத்து வெல்டிங் பட்டறைகளைத்தான் தேடி வருகிறார்கள். மேலே அகலமான சதுர வாய், கீழே சிறிய சதுர வாய், நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் தகடு. பார்க்கச் சாதாரணப் பொருள்தான். ஆனால், 'இதில் எத்தனை மூட்டை பிடிக்கும்?' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும்.

ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம். மேல் வாய் 120 சென்டிமீட்டர் சதுரம், கீழ் வாய் 30 சென்டிமீட்டர் சதுரம், நேர் உயரம் 90 சென்டிமீட்டர். விவசாயிக்குத் தேவை, 75 கிலோ மூட்டையில் ஒரே தடவையில் 5 மூட்டை, அதாவது 375 கிலோ நெல்.

வழக்கமாகப் போடும் கணக்கு இரண்டு. மேல் வாயின் பரப்பு 14,400, கீழ் வாயின் பரப்பு 900. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7,650. அதை 90 உயரத்தால் பெருக்கினால் 6,88,500 கன சென்டிமீட்டர், அதாவது 688 லிட்டர். இன்னொருவர் பக்க அளவுகளுக்குச் சராசரி எடுப்பார். 120-க்கும் 30-க்கும் நடு 75. 75 × 75 × 90 என்று பெருக்கினால் 506 லிட்டர். ஒரே ஹாப்பருக்கு இரண்டு விடைகள், நடுவில் 182 லிட்டர் வித்தியாசம். இரண்டுமே சரியில்லை.

சரியான அளவைக் கண்டுபிடிக்க, நான்கு தகடுகளும் கீழ்நோக்கி நீண்டு ஒரு கூர்முனையில் சேருவதாக நினைத்துப் பாருங்கள். இந்த ஹாப்பரில் 90 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் பக்கம் 120-லிருந்து 30 ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. ஆக, இன்னும் 30 சென்டிமீட்டர் இறங்கினால் கூர்முனை வந்துவிடும். தலைகீழாக நிற்கும் ஒரு கோபுரம் போல முழு உயரம் 120. கூர்மையாக முடியும் இப்படிப்பட்ட வடிவத்தின் கொள்ளளவு, அதே வாயும் அதே உயரமும் உள்ள நேர் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு. எனவே முழுக் கோபுரம் 120 × 120 × 120 ÷ 3 = 5,76,000. கீழே இல்லாத சின்ன முனை 30 × 30 × 30 ÷ 3 = 9,000. கழித்தால் 5,67,000 கன சென்டிமீட்டர். அதாவது 567 லிட்டர்.

ஒவ்வொரு தடவையும் முனையைத் தேடிப்போக வேண்டியதில்லை. இதையே சுருக்கினால் இப்படி வரும்:

(மேல் × மேல் + கீழ் × கீழ் + மேல் × கீழ்) × உயரம் ÷ 3

14,400 + 900 + 3,600 = 18,900. அதை 90-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் அதே 5,67,000.

இந்தச் சிக்கல் பழையது. 628-ம் ஆண்டில் பிரம்மகுப்தர் எழுதிய 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' நூலில், சரிந்த பக்கங்களுள்ள குழிக்கு இதே கணக்கு வருகிறது. பக்கச் சராசரி விடை, பரப்புச் சராசரி விடை இரண்டையும் போட்டுக்கொண்டு, வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறிய விடையோடு கூட்டு என்கிறார். 688.5-ல் 506.25 போக 182.25. அதில் மூன்றில் ஒன்று 60.75. கூட்டினால் 567! சரிவான கரைகளுள்ள சதுரப் பண்ணைக்குட்டையில் வெட்டிய மண்ணை அளக்கவும் இதே கணக்குதான்.

பட்டறைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. கொஞ்சமாகச் சரியும் தொட்டியில் சராசரிக் கணக்கே போதும். மேலே 120, கீழே 100 என்றால் மூன்று முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட வராது. அந்தப் பழக்கத்தில், கீழே சட்டென்று குறுகும் ஹாப்பருக்கும் அதையே போடும்போதுதான் மூட்டைக் கணக்கு தவறுகிறது.

இன்னொரு தவறு டேப்பில் நடக்கிறது. தகட்டின் மேலேயே டேப்பை வைத்து உயரம் அளந்தால், பக்கத்தின் நடுவில் 100 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், மூலையில் 110-ம் காட்டும். அவை சரிவு நீளங்கள். உயரம் 90-தான். 110-ஐ உயரமாகப் போட்டால் 693 லிட்டர் என்று பொய்க் கணக்கு வரும். மேல் வாயின் குறுக்கே நேரான ஒரு சட்டத்தை வைத்து, அதிலிருந்து தூக்குக்குண்டை கீழ் வாய் மட்டம் வரை இறக்கி, அந்த நூலை அளப்பதுதான் சரி. வாய் அளவையும் உள்பக்கமாகவே எடுக்க வேண்டும். வெளியே பற்றவைத்த ஆங்கிளைச் சேர்க்கக் கூடாது.

இனி லிட்டரைக் கிலோவாக்க வேண்டும். அவரவர் நெல்லை 20 லிட்டர் வாளியில் தலைதட்டி நிரப்பி எடை போட்டுப் பார்ப்பதே நம்பகமானது. ரகத்துக்கும் ஈரத்துக்கும் பதருக்கும் ஏற்ப எடை மாறும். வாளி நெல் 11.5 கிலோ நின்றால் லிட்டருக்கு 575 கிராம். 567 லிட்டருக்கு 326 கிலோ. நான்கு மூட்டை கொட்டியபின் இன்னும் 26 கிலோவுக்குத்தான் இடம் இருக்கும். ஐந்தாவது மூட்டை வெளியே சிந்தும். ஆனால், 688 லிட்டர் என்று நம்பியவரின் கணக்கில் 395 கிலோ. ஐந்து மூட்டையும் உள்ளே போயிருக்க வேண்டும்.

இதற்காக ஹாப்பரைப் பிரித்துச் செய்ய வேண்டாம். மேல் வாயைச் சுற்றி 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நேர் தகட்டில் கழுத்து வைத்தால் போதும். கழுத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 14.4 லிட்டர். குறையும் 49 கிலோவுக்கு 85 லிட்டர் தேவை. நெல் கழுத்தில் 6 சென்டிமீட்டர் ஏறி நிற்கும், மேலே 9 சென்டிமீட்டர் சிந்தாமல் காக்கும்.

உள்ளே எவ்வளவு நெல் மிச்சம் என்று குச்சி விட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதி உயரம் என்பது பாதி நெல் அல்ல. கழுத்து இல்லாத ஹாப்பரில் 45 சென்டிமீட்டர் மட்டத்தில் இருப்பது 132 லிட்டர்தான். கால் பங்குக்கும் குறைவு. பாதி நெல் இருக்கும் மட்டம் கீழிருந்து சுமார் 66 சென்டிமீட்டர். குச்சியில் கோடு போடுவதென்றால் அங்கேதான் போட வேண்டும்.

தகடு மிச்சமாகும் என்று உயரத்தை 60-ஆகக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. அப்போது கொள்ளளவு 378 லிட்டராகக் குறைவதோடு, சரிவும் படுத்துவிடும். தகட்டின் நடுவில் 53 டிகிரி இருந்தாலும், இரண்டு தகடுகள் சேரும் மூலையில் 43 டிகிரிதான் இருக்கும். காய்ந்த நெல் அதில் இறங்கிவிடும். அறுத்த கையோடு கொட்டும் ஈர நெல் மூலைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் மட்டும் குழி விழுந்து நெல் இறங்கினால், மூலையில் நிற்கிறது என்று அர்த்தம். 90 உயரத்தில் மூலைச் சரிவு 55 டிகிரி கிடைக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போது பக்கச் சரிவை மட்டும் பேசாமல், மூலைச் சரிவையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.