மூன்று புள்ளிகளில் ஒரு பாடம்: பயாஸ், வேரியன்ஸ், ஓவர்ஃபிட்டிங்

2024-ஆம் ஆண்டு கேட் தேர்வில் டேட்டா சயன்ஸ், ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் இரண்டுக்குமாக ஒரு புதிய தாள் சேர்ந்தது. அதன் பாடத்திட்டத்தில் மெஷின் லேர்னிங் பகுதியில் பயாஸ்-வேரியன்ஸ் இழுபறியும், ‘லீவ்-ஒன்-அவுட்’ சோதனையும் இடம்பெற்றிருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் மாணவர்களே அதிகம். உண்மையில் பழைய தாள்களில் வரும் ஒரு சின்னக் கணக்கைப் பொறுமையாகப் போட்டாலே இரண்டும் சேர்ந்து புரிந்துவிடும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 10-701 என்ற பாடத்தின் பழைய தாள்களிலும் இந்த வகைக் கணக்கு உண்டு. பேனாவும் தாளும் போதும்.

மூன்று புள்ளிகள் தருகிறார்கள். அ என்பது (0, 2). ஆ என்பது (2, 2). இ என்பது (3, 1). முதல் எண் x, இரண்டாவது y. x-ஐக் கொடுத்தால் y-ஐக் கணிக்க வேண்டும். போட்டியில் இரண்டு மாடல்கள். ஒன்று, புள்ளிகளுக்கு நெருக்கமாக நேர்கோடு போடும் லீனியர் ரிக்ரெஷன். மற்றது சோம்பேறி மாடல்: x எதுவாக இருந்தாலும், தான் பார்த்த y மதிப்புகளின் சராசரியையே விடையாகச் சொல்லும். எது நல்ல மாடல்?

முதலில் மூன்று புள்ளிகளையும் கொடுத்துப் பயிற்றுவிப்போம். சோம்பேறி மாடலின் விடை 5/3. அது ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு தவறுகிறது என்று பார்த்து, அந்தத் தவறுகளை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்தால் 2/9, அதாவது ஏறக்குறைய 0.22. நேர்கோட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 2/21, ஏறக்குறைய 0.10. பயிற்சிப் பிழையில் கோடுதான் ஜெயிக்கிறது. இதில் வியப்பில்லை. படுக்கையாக ஓடும் கோடும் நேர்கோடுதானே. அதனால் இந்த ஒப்பீட்டில் நேர்கோடு சராசரியிடம் ஒருநாளும் தோற்காது. தோற்கவே முடியாத போட்டியில் பெற்ற வெற்றியை வைத்து மாடலை எடைபோட முடியாது.

எனவே கேள்வி அடுத்த படிக்குப் போகிறது: லீவ்-ஒன்-அவுட் பிழை என்ன? ஒரு புள்ளியை மறைத்துவிட்டு, மற்ற இரண்டை மட்டும் வைத்துப் பயிற்றுவிக்க வேண்டும். பிறகு மறைத்த புள்ளியைக் கணிக்கச் சொல்ல வேண்டும். இப்படி மூன்று முறை.

அ-வை மறைத்தால், ஆ, இ வழியாகப் போகும் கோடு y = 4 − x. x = 0 என்ற இடத்தில் அது 4 என்கிறது. உண்மை 2. தவறு 2, வர்க்கம் 4. ஆ-வை மறைத்தால் கோடு y = 2 − x/3. x = 2 என்ற இடத்தில் 4/3 என்கிறது. தவறு 2/3, வர்க்கம் 4/9. இ-யை மறைத்தால் கோடு y = 2. தவறு 1, வர்க்கமும் 1. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 49/27, ஏறக்குறைய 1.81.

சோம்பேறி மாடலுக்கும் இதையே செய்வோம். அ-வை மறைத்தாலும் ஆ-வை மறைத்தாலும் சராசரி 1.5, தவறு 0.5, வர்க்கம் 0.25. இ-யை மறைத்தால் சராசரி 2, தவறு 1, வர்க்கம் 1. மொத்தம் 1.5; மூன்றால் வகுத்தால் 0.5.

இப்போது நிலைமை தலைகீழ். பயிற்சியில் 0.10 வாங்கிய கோடு, பார்க்காத புள்ளிகளில் 1.81-க்குப் போய்விட்டது. சோம்பேறி மாடல் 0.22-லிருந்து 0.5-க்குத்தான் நகர்ந்தது. ஓவர்ஃபிட்டிங் என்பது இதுதான். பயிற்சிப் பிழை குறைவாக இருப்பது மட்டும் ஓவர்ஃபிட்டிங் ஆகாது. அதற்கும் பார்க்காத தரவின் பிழைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழ வேண்டும். ‘பயிற்சிப் பிழை பூஜ்யம், ஆகவே ஓவர்ஃபிட்டிங்’ என்று ஒரே வரியில் எழுதும் விடை முழுமையற்றது.

கோடு ஏன் இப்படித் தடுமாறியது? விடை மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. மறைத்தது ஒரே ஒரு புள்ளி. ஆனால் கிடைத்த மூன்று கோடுகளின் சாய்வுகள் −1, −1/3, 0. இவை x = 6 என்ற இடத்தில் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்: −2, 0, 2. சராசரி 0. அந்தச் சராசரியிலிருந்து விலகல்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் 8/3, ஏறக்குறைய 2.67. இதுதான் வேரியன்ஸ்: பயிற்சித் தரவு கொஞ்சம் மாறினால் கணிப்பு எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு. சோம்பேறி மாடலின் மூன்று விடைகள் 1.5, 1.5, 2. அதன் வேரியன்ஸ் 1/18, வெறும் 0.06.

இதுவரை பயாஸ் பற்றிப் பேசவே இல்லை. காரணம் உண்டு. பயாஸ் கணக்கிட உண்மையான மதிப்பு தெரிய வேண்டும். மாடலின் சராசரிக் கணிப்பிலிருந்து உண்மையைக் கழித்தால் வருவதே பயாஸ். நிஜ வாழ்வில் உண்மை தெரியாது. தேர்வில் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள்.

x = 6-இல் உண்மை மதிப்பு 1 என்று கொடுத்தால், கோட்டின் பயாஸ் −1, வர்க்கம் 1. வேரியன்ஸையும் சேர்த்தால் 3.67. சோம்பேறி மாடலின் சராசரிக் கணிப்பு 5/3. அதன் பயாஸ் 2/3, வர்க்கம் 4/9. வேரியன்ஸோடு மொத்தம் 0.5. சோம்பேறிக்கே வெற்றி. உண்மை மதிப்பு 0 என்று மாற்றிக் கொடுத்தால்? கோட்டின் பயாஸ் பூஜ்யம், மொத்தம் 2.67. சோம்பேறியின் பயாஸ் 5/3, வர்க்கம் 2.78, மொத்தம் 2.83. இப்போது மயிரிழையில் கோடு ஜெயிக்கிறது. உண்மையிலேயே இறங்குமுகம் இருக்கும்போது, அதைக் கண்டுகொள்ளாத மாடல் பயாஸாக விலை கொடுக்கிறது. இறங்குமுகத்தைப் பிடிக்கப் போன மாடல் வேரியன்ஸாக விலை கொடுக்கிறது. எளிய மாடல் எப்போதும் நல்லது என்றோ சிக்கலானது எப்போதும் நல்லது என்றோ சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்குக்கு எல்லைகளும் உண்டு. மூன்று பயிற்சித் தொகுப்புகளும் ஒரே புள்ளிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. முறைப்படி வேரியன்ஸ் என்பது தனித்தனியாக எடுத்த தொகுப்புகளின் மீது வரையறுக்கப்படுவது. x = 6 தரவின் எல்லைக்கு வெளியே இருப்பதால் கோட்டின் ஆட்டம் பெரிதாகத் தெரிகிறது. தரவிலேயே இரைச்சல் இருந்தால், புதிய y மதிப்பைக் கணிக்கும்போது அதன் வேரியன்ஸும் மூன்றாவது பகுதியாகச் சேரும். அதை எந்த மாடலாலும் குறைக்க முடியாது.

சரியா தவறா வகைக் கேள்விகளில் அதிகம் சறுக்கும் இடம் ஒன்றும் இங்கே தெளிவாகும். ‘பயிற்சித் தரவைக் கூட்டினால் பயாஸ் குறையும்’ என்று கேட்டால், பெரும்பாலோர் சரி என்பார்கள். சோம்பேறி மாடலிடம் பத்தாயிரம் புள்ளிகள் கொடுத்தாலும் அது ஒரே எண்ணைத்தான் சொல்லும், இறங்குமுகத்தைக் கற்காது. தரவு கூடும்போது பொதுவாகக் குறைவது வேரியன்ஸ். பயாஸைக் குறைக்க மாடலை மாற்ற வேண்டும். ஆகவே பயிற்சிப் பிழையே அதிகமாக இருக்கும் மாடலுக்கு மேலும் தரவு தேடி அலைவது பெரும்பாலும் வீண்.

தேர்வு அறையில் இத்தகைய கேள்வி வந்தால், முதலில் எந்தப் பிழையைக் கேட்கிறார்கள் என்று அடிக்கோடிடுங்கள்: பயிற்சிப் பிழையா, லீவ்-ஒன்-அவுட் பிழையா? பிறகு ஒவ்வொரு முறையும் மாடலைப் புதிதாகப் பயிற்றுவியுங்கள். மூன்று புள்ளிகளுக்கும் பொதுவாகப் போட்ட கோட்டையே வைத்துக்கொண்டு லீவ்-ஒன்-அவுட் பிழை கண்டால், கிடைப்பது பயிற்சிப் பிழைதான்.