திறக்கும் முன்பே படிக்கப்படும் வரி

கல்லூரி அலுவலகத்தில் காலையில் இன்பாக்ஸைத் திறக்கும் எழுத்தருக்கு முதலில் தெரிவது ஒரு பட்டியல். அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அதையடுத்து மங்கலான எழுத்தில் மெயிலின் முதல் சில சொற்கள். எதை உடனே திறப்பது, எதை மதியத்துக்குத் தள்ளுவது என்பதை அவர் இந்த மூன்றையும் வைத்தே முடிவு செய்கிறார். பெயரை மாற்ற முடியாது. சப்ஜெக்ட்டுக்குப் பலரும் கொஞ்சம் மெனக்கெடுகிறார்கள். அந்த முதல் சில சொற்களைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

ஒரு தந்தை தம் மகளின் கல்விக் கடனுக்காக போனஃபைடு சான்றிதழ் கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் கற்ற முறைப்படி 'அனுப்புநர்' என்று தொடங்கி, பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, பிறகு 'பெறுநர்' என்று எழுதுகிறார். காகிதத்தில் இது அழகான அமைப்பு. இன்பாக்ஸோ வரி முறிவுகளை எல்லாம் நீக்கி, சொற்களை ஒரே ஓட்டமாக அடுக்கிவிடும். எழுத்தர் கண்ணில் படுவது ஒரு கதவு எண்ணும் தெருப் பெயரும் மட்டுமே.

முகவரியை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? அடுத்து வருவது இது: 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். என் மகள் தங்கள் கல்லூரியில் பி.காம். மூன்றாமாண்டு படித்து வருகிறார்.' போனில் ஜிமெயில் செயலி இதற்கு ஒரே ஒரு வரிதான் தருகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. ஐந்தாறு சொற்களில் அந்த வரி தீர்ந்துவிடும். ஐபோனின் மெயில் செயலி வழக்கமாக இரண்டு வரி காட்டும். அங்கேகூட மகள் படிக்கும் செய்தி தெரியுமே தவிர, தந்தைக்கு என்ன வேண்டும் என்பது தெரியாது.

தமிழில் எழுதுவோருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. 'வங்கியில் கல்விக் கடனின் அடுத்த தவணையைப் பெறுவதற்காக என் மகளுக்கு போனஃபைடு சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினால், காரணம் முழுதும் முன்னால் நின்று, கேட்கும் பொருளும் 'வழங்குமாறு' என்ற சொல்லும் வெட்டுப்பட்ட பக்கம் போய்விடும். எனவே முதல் வாக்கியம் குறுகியதாக இருக்க வேண்டும், கேட்பது அதற்குள்ளேயே முடிய வேண்டும். காரணம் இரண்டாம் வாக்கியத்தில் வரட்டும்.

சப்ஜெக்ட்டையும் முதல் வரியையும் சேர்த்தே எழுதிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அவை சேர்ந்தே படிக்கப்படுகின்றன. கணினியில் ஜிமெயில் இரண்டையும் ஒரே வரியில் வைக்கிறது. சப்ஜெக்ட் நீண்டால் முன்னோட்டம் சுருங்கும். நம் தந்தை இப்படி எழுதலாம். சப்ஜெக்ட்: 'போனஃபைடு சான்றிதழ் – பி.காம். 3ஆம் ஆண்டு'. முதல் வரி: 'ஐயா, வணக்கம். ஜூன் 20க்குள் சான்றிதழ் வேண்டும். கல்விக் கடன் தவணைக்காக வங்கி கேட்கிறது.' சப்ஜெக்ட்டில் எந்தச் சான்றிதழ் என்பது வந்துவிட்டது. முதல் வரி அதையே திரும்பச் சொல்லாமல் கெடுவைச் சேர்க்கிறது. மரியாதையும் குறையவில்லை. மகளின் பெயரும் பதிவெண்ணும் அடுத்த பத்தியில், முகவரி கையெழுத்துக்குக் கீழே.

பதில் எழுதும்போது முதல் வரியின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சப்ஜெக்ட் பழையதாகவே நிற்க, ஜிமெயில் பட்டியலில் கடைசியாக வந்த மெயிலின் தொடக்கமே தெரியும். 'தங்கள் மெயில் கிடைத்தது, நன்றி' என்பதைவிட 'ரசீதை இணைத்துள்ளேன், நன்றி' என்பது வேலையை நகர்த்தும். ஒன்றும் எழுதாமல் வேறொருவரின் மெயிலை அப்படியே அனுப்பிவைத்தால், முன்னோட்டத்தில் `---------- Forwarded message ---------` என்ற கோடுதான் நிற்கும். மேலே ஒரு வரியாவது எழுதுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, மெயிலை உங்களுக்கே அனுப்பி, திறக்காமல் போனில் பார்ப்பது. ஜிமெயிலில் டிராஃப்ட் பட்டியலிலேயே அது தெரியும். ஆளுக்கு ஆள் திரையும் செட்டிங்கும் மாறும். முன்னோட்டத்தை அறவே நிறுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. அதனால் சப்ஜெக்ட் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். இதே வரி பல போன்களில் பூட்டிய திரையிலும் அறிவிப்பாகத் தோன்றும், பக்கத்தில் இருப்பவர் படித்துவிடலாம். நோயின் பெயர், சம்பளத் தொகை, வங்கிக் கணக்கு எண் போன்றவற்றைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள்.

அனுப்புநர், பெறுநர் என்று தொடங்கும் கடிதத்தைப் பள்ளிகள் கற்பிப்பது தொடரட்டும், காகித விண்ணப்பத்துக்கு அது இன்றும் தேவை. அதோடு, கேட்பதை முதல் வரியில் வைக்கும் மெயில் வடிவத்தையும் தமிழாசிரியர்கள் ஒரு வகுப்பில் எழுதவைக்க வேண்டும்.