பேசிய தொகை கட்டுப்படியானதா?

240 பக்க நாவல் ஒன்றை, அட்டையும் சேர்த்து, அச்சுக்குத் தயார்செய்து தர 18,000 ரூபாய் என்று ஒரு வடிவமைப்பாளர் மொத்தமாகப் பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 36 மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. புத்தகம் அச்சுக்குப் போயிற்று, பணமும் வந்துவிட்டது. அந்த வேலை கட்டுப்படியானதா என்று வங்கிக் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேலை செய்த நேரத்தை அவர் அன்றன்று குறித்துவைத்திருந்தால்தான் சொல்ல முடியும்.

குறிப்பைக் கூட்டினால் 54 மணி நேரம் வருகிறது. மாதிரிப் பக்கங்களை அச்செடுத்ததற்கும் கூரியருக்கும் ஆன 1,500 ரூபாயைக் கழித்தால் கையில் நிற்பது 16,500. அதை 54-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 305 ரூபாய். பதிப்பகம் டிடிஎஸ் பிடித்திருந்தால் அதைச் செலவாகக் கழிக்கக் கூடாது. அவர் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி அது.

305 போதுமா? பக்கத்துக் கடைக்காரர் வாங்கும் கூலியோடு ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்காது. தன் செலவிலிருந்துதான் அளவுகோலை எடுக்க வேண்டும். வீட்டுக்கு மாதம் 40,000, மின்சாரம், இணையம், மென்பொருள் சந்தா, கணினித் தேய்மானம் எல்லாவற்றுக்கும் 8,000 என்றால் மொத்தம் 48,000. மாதம் 200 மணி நேரம் உழைத்தாலும் அத்தனைக்கும் காசு வராது. புது வேலை தேடுவது, விலை பேசுவது, பாக்கி கேட்டு அலைவது எல்லாம் போக, 120 மணி நேரம்தான் கூலி தரும் நேரம் என்று வைத்தால் மணிக்கு 400 ரூபாய் வேண்டும். 200-ஆல் வகுத்து 240 போதும் என்று நினைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். அந்த அளவுகோலில் 305 நல்ல லாபமாகத் தெரியும். மாதக் கடைசியில் கை மட்டும் வறண்டிருக்கும்.

நியாயமாக இந்த வேலைக்கு 54 மணிக்கு 21,600, செலவு 1,500, ஆக 23,100 ரூபாய் வந்திருக்க வேண்டும். 5,100 குறைகிறது. அது எங்கே போயிற்று என்பதையும் அதே குறிப்பு சொல்லும், ஒவ்வொரு பதிவிலும் என்ன வேலை என்று ஒரு சொல் எழுதியிருந்தால். பக்கம் கட்டியது 16, அட்டை 7, தொலைபேசி 5, அச்சுக்கோப்பு 2: இவை ஏறக்குறைய நினைத்தபடியே நடந்தன. இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு 6 மணி என்று வைத்திருந்தார், ஆனது 19. எழுத்துரு மாற்றத்துக்கு அவர் நேரமே ஒதுக்கவில்லை. அது 5 மணி நேரம் தின்றிருக்கிறது.

எழுத்தாளர் தந்த கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. இவ்வகைப் பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் யூனிகோடுக்கு மாற்றும்போது, இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். அவற்றைக் கண்ணால் தேடித்தான் சரிசெய்ய வேண்டும்.

திருத்தத்தின் கதை வேறு. பக்கம் கட்டிய பிறகு எழுத்தாளர் புதிதாக ஒரு பத்தி சேர்த்தால், அந்த அத்தியாயம் முழுதும் நகரும். கடைசி வரி ஒன்று மட்டும் அடுத்த பக்கத்தில் தனித்து நிற்கும். அத்தியாயம் ஒரு பக்கம் நீண்டால் பின்வரும் பக்க எண்களும் பொருளடக்கமும் மாறும். ஐந்து வரி சேர்க்க முக்கால் மணி நேரம் ஆகலாம். கேட்டவருக்கு அது ஐந்து வரிதான்.

இந்தக் கணக்கெல்லாம் குறிப்பு சரியாக இருந்தால்தான் நிற்கும். வார இறுதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பெரிய வேலைகள் மட்டுமே நினைவுக்கு வரும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த திருத்தமும் அரைமணி நேர அழைப்பும் விட்டுப்போகும். மணிக்கூலி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் 1 மணி, 2 மணி என்று முழு எண்ணாகவே இருந்தால் அது பின்னால் எழுதிய குறிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் குறிப்பதே சரி, நோட்டிலோ கைபேசிச் செயலியிலோ. புது மென்பொருளைக் கற்றுக்கொண்ட நேரத்தை மட்டும் தனியாக எழுத வேண்டும்; அந்தச் சுமை ஒரே புத்தகத்தின் தலையில் ஏறக் கூடாது.

முடிந்த வேலைக்குக் கூடுதல் கேட்க இப்போது வழியில்லை, பேச்சு பேச்சுதான். அதற்காக அடுத்தவரிடம் நேராக 23,100 என்று சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. யூனிகோடில் சுத்தமான கோப்பு தரும் எழுத்தாளர், இன்னொருவருடைய தாமதத்துக்குப் பணம் கட்டுவதாகிவிடும். 36 மணி நேரத்துக்கும் செலவுக்குமாகச் சுமார் 16,000 அடிப்படைத் தொகை. அதில் இரண்டு சுற்றுத் திருத்தம் அடக்கம். மூன்றாவது சுற்றிலிருந்து மணிக்கு 400. பழைய எழுத்துரு என்றால் மாற்றுக்கூலி தனி. இப்படிப் பிரித்து எழுதித் தந்தால் முதல் தொகை 18,000-ஐவிடக் குறைவாகவே இருக்கும், மீறிய நேரத்துக்கும் கூலி கிடைக்கும்.