நுரையீரலைச் சூழும் நீர்

மார்பகப் புற்றுநோயுள்ள ஒரு சகோதரி படுத்தால் மூச்சுத் திணறுகிறார் எனக் கொள்வோம். நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீர் அதை அழுத்துகிறது. மருத்துவர் ஊசியால் ஒரே தடவையில் சுமார் 1.5 லிட்டர் வரை எடுக்க, மூச்சு இலகுவாகிறது. ஆயினும் பெரும்பாலும் ஒரு மாதத்திற்குள் நீர் மீண்டும் சேர்கிறது.

அப்போது கேட்கவேண்டியது இதுவே: "நீர் வடிந்தபின் நுரையீரல் விரிந்ததா?" எக்ஸ்ரே அதைக் காட்டும். விரிந்திருந்தால், மருத்துவமனையில் சில நாட்கள் தங்கி, டால்க் பொடியைச் செலுத்தி, நுரையீரலையும் மார்புச் சுவரையும் மூடியுள்ள இரு சவ்வுகளை ஒட்டவைக்கலாம். விரியாவிடில் அச்சவ்வுகள் ஒன்றையொன்று தொடா, பொடி பயன்தராது. மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, வீட்டிலேயே நீரை வடிப்பதே அவருக்கு ஏற்றது. நுரையீரல் விரிந்தவரும் இதைத் தெரிந்துகொள்ளலாம். காய்ச்சலோ, குழாயைச் சுற்றிச் சிவப்போ, சீழ்போன்ற நீரோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.