வால்போர்டு: சுவரில் ஓடும் வரிசை

கால் சென்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி உயரத்தில் மாட்டியிருக்கும் பெரிய திரையை வால்போர்டு என்பார்கள். எத்தனை அழைப்புகள் காத்திருக்கின்றன, அவற்றில் மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு நேரம், எத்தனை ஏஜென்ட்கள் பேசுகிறார்கள், எத்தனை பேர் ஓய்வாக இருக்கிறார்கள் என்பவை அதில் ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே சர்வீஸ் லெவல் என்றொரு சதவீதமும் இருக்கும். வந்த அழைப்புகளில் எத்தனை சதவீதம் குறித்த நேரத்துக்குள் எடுக்கப்பட்டன என்பதே அது. 80 சதவீத அழைப்புகளை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கமான இலக்கு. இலக்கு தவறினால் எண் சிவப்பாக மாறும்.

இந்த எண்களை டீம் லீடர் மட்டும் பார்த்தால் போதாதா என்ற கேள்விக்கு வரிசையின் கணக்கிலேயே விடை இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரங்களை ஒட்டியே இன்றும் ஆள் தேவை கணக்கிடப்படுகிறது. அரை மணி நேரத்தில் 100 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 நிமிட வேலை. அதாவது 10 பேர் அரை மணி நேரமும் இடைவிடாமல் பேச வேண்டும். ஆனால் அழைப்புகள் சீராக வருவதில்லை. சில நேரம் கொத்தாக வந்து விழும். எனவே 13 பேர் இருந்தால்தான் 80 சதவீத இலக்கை ஏறக்குறைய எட்ட முடியும். அப்போது சராசரிக் காத்திருப்பு 17 விநாடி. ஒருவர் டீ குடிக்க எழுந்து 12 பேரானால் அது 40 விநாடியாகும், சர்வீஸ் லெவல் 64 சதவீதத்துக்கு இறங்கும். இன்னொருவரும் எழுந்தால் காத்திருப்பு 2 நிமிடத்தைத் தாண்டும், சர்வீஸ் லெவல் 39 சதவீதமாகும். யாரும் பாதியில் போனை வைப்பதில்லை என்ற அனுமானத்தில் வரும் கணக்கு இது.

தன் ஒருவருடைய இடைவேளை இவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்று இருக்கையில் இருப்பவருக்குத் தானாகத் தெரியாது. பலகை அதைக் காட்டிவிடுகிறது. யாரும் சொல்லாமலேயே ஏஜென்ட்கள் வரிசை குறைந்த நேரம் பார்த்து எழுகிறார்கள். இருவர் சேர்ந்து போவதைத் தவிர்க்கிறார்கள். மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவர் ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறார். வால்போர்டின் உண்மையான பயன் இதுதான்.

அதே எண் வேறு விதமாகவும் வேலை செய்யும். ‘காத்திருப்போர் 9’ என்று சிவப்பில் தெரியும்போது, பேசிக்கொண்டிருப்பவருக்குச் சீக்கிரம் முடித்துவிடத் தோன்றும். அழைப்பு முடிந்தபின் எழுத வேண்டிய குறிப்பு சுருங்கும். தீராத சிக்கலை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவது பெருகும். முந்தைய கணக்கிலேயே இதன் விளைவைப் பார்க்கலாம். ஒவ்வொரு அழைப்பிலும் 30 விநாடி மிச்சம் பிடித்து, சராசரியை இரண்டரை நிமிடமாக்கிவிட்டார்கள். ஆனால் வேலை முடியாத 20 பேர் மறுபடி அழைக்கிறார்கள். இப்போது 120 அழைப்புகள், தலா இரண்டரை நிமிடம்: மறுபடியும் அதே 300 நிமிடம். ஊழியர்களின் சுமை ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. 20 வாடிக்கையாளர்கள் இரண்டு முறை காத்திருந்ததுதான் மிச்சம். பலகையோ மறு அழைப்பையும் புது அழைப்பாகவே எண்ணும்.

பலகையில் தெரியாத வேறு சிலவும் உண்டு. காத்திருந்து சலித்தவர்கள் போனை வைத்துவிட்டால் வரிசை குறையும். வேலை நன்றாக நடப்பதுபோல் தோன்றும். 20 விநாடியைக் கடந்துவிட்ட அழைப்பை உடனே எடுத்தாலும், பத்து நிமிடம் கழித்து எடுத்தாலும் சர்வீஸ் லெவலுக்கு ஒன்றுதான். அதனால்தான் கைவிடப்பட்ட அழைப்புகளையும் மிக நீண்ட காத்திருப்பையும் அதன் பக்கத்திலேயே காட்ட வேண்டியிருக்கிறது.

சிவப்பு எப்போது வர வேண்டும் என்பதும் முக்கியம். ஆள் போதுமான அளவு இருந்தாலும் ஓரிரு நிமிடம் வரிசை நீள்வது இயல்பு. அதற்கெல்லாம் சிவப்பு எரிந்தால் ஏஜென்ட்கள் காரணமின்றிப் பதறுவார்கள். சில வாரங்களில் திரையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். நெரிசல் சில நிமிடங்கள் நீடித்தால் மட்டும் நிறம் மாறுவதும், மாறியவுடன் யார் எந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்று முன்பே முடிவு செய்து வைப்பதும் நல்லது.

ஒவ்வொரு ஏஜென்ட்டின் பெயரையும் பேசிய நேரத்தையும் பலகையில் வரிசைப்படுத்தினால், கடினமான அழைப்பை எடுத்தவர் கடைசியில் நிற்பார். அடுத்த முறை அவரும் அவசரப்படுவார். வரிசை எல்லோருக்கும் பொது, அதைச் சுவரில் காட்டலாம். தனி ஒருவரின் வேலையைப் பற்றி டீம் லீடர் அவரோடு தனியாகப் பேசுவதே முறை.